அரைக் கிலோ மத்தியில் எவ்வளவு புரதம்?

"மேடம், ராத்திரிச் சாப்பாட்டில் 40 கிராம் புரதம் வரும்படி பார்த்துக்கொள்கிறேன். மத்தி, சூரை, இறால் மூன்றையும் மாற்றி மாற்றிச் சமைப்பேன். போனில் இருக்கும் ஆப், மத்தி 100 கிராமில் புரதம் 24.6, கொழுப்பு 11.4 என்கிறது. இன்னொரு அட்டவணையில் புரதம் 19, கொழுப்பு 3. இறாலுக்கு ஒரு இடத்தில் 20, ஒரு இடத்தில் 13.6. எதை நம்புவது? அரைக் கிலோ வாங்கினால் எவ்வளவு என்று கணக்கு வைப்பது?"

நீங்கள் பார்த்த நான்கு பதிவுகளிலும் தப்பு இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளை அளந்து வந்தது. எது எதை அளந்தது என்று தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் அந்த 24.6. அது பச்சை மத்தியின் அளவு அல்ல. எண்ணெயில் அடைத்த டப்பா மத்தியை, எண்ணெயை வடித்துவிட்டு, முள்ளோடு சேர்த்து அளந்தால் வரும் எண். டப்பாவில் அடைக்கும் மீன் வேக வைத்தது. வேகும்போது மீனிலிருந்து தண்ணீர் போகிறது, புரதம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. அதனால் 100 கிராமுக்கான புரதம் ஏறித் தெரிகிறது. கூடவே டப்பா எண்ணெயில் கொஞ்சம் சதைக்குள் ஊறியிருக்கும், 11.4 கிராம் கொழுப்பில் அதுவும் அடக்கம். பல ஆப்களில் வெறுமனே மத்தி என்று தேடினால் இந்தப் பதிவுதான் முதலில் வந்து நிற்கும். பதிவின் முழுப் பெயரைத் திறந்து பாருங்கள். 'எண்ணெயில் அடைத்தது', 'வடித்தது' என்று இருந்தால், உங்கள் வீட்டுப் பச்சை மீனுக்கு அது பொருந்தாது.

பச்சை மீனுக்குப் பயன்படும் எண்கள் இவை. சுத்தம் செய்து, சாப்பிடும் சதையை மட்டும் எடுத்து 100 கிராம் நிறுத்தால், மத்தியில் சுமார் 19 கிராம் புரதம். மஞ்சள் துடுப்புச் சூரையில் 23 முதல் 24, வரிச்சூரையில் 22. இறாலில் 19 முதல் 20. பார்த்தீர்களா, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. கொழுப்பு என்று வரும்போது சூரையிலும் இறாலிலும் ஏறக்குறைய ஒரு கிராம், சில சமயம் அதற்கும் கீழே. மத்திக்கு மட்டும் ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கு அதிகம் சறுக்குவது அங்கேதான்.

மத்தி கூட்டமாகத் திரிந்து மிதவை உயிரிகளைத் தின்னும் மீன். கடலில் இரை பெருகும் மாதங்களில் வயிறார மேய்ந்து கொழுப்பைச் சேர்த்து வைக்கும். பிறகு முட்டையும் விந்துப் பையும் வளரும்போது அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துச் செலவழிக்கும். அதனால் ஒரே இன மத்தி ஒரு பருவத்தில் 100 கிராமுக்கு 2, 3 கிராம் கொழுப்போடு வரும். இன்னொரு பருவத்தில் 12, 15 கிராமைக்கூடத் தாண்டும். உங்கள் அட்டவணையில் இருக்கும் 3 என்பது மெலிந்த பருவத்து மீனை அளந்த எண்ணாக இருக்கலாம். அதை வருஷம் முழுக்க வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதுதான் பிழை.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. கொழுப்பு ஏறும்போது புரதம் அவ்வளவாக இறங்குவதில்லை. இடத்தை விட்டுக்கொடுப்பது தண்ணீர். மத்தி மாதிரி எண்ணெய் மீன்களில் தண்ணீரையும் கொழுப்பையும் கூட்டினால் எப்போதும் 80க்குப் பக்கத்தில் வரும். கொழுப்பு 3 என்றால் தண்ணீர் 77 அளவில் இருக்கும், கொழுப்பு 14 என்றால் தண்ணீர் 66க்கு இறங்கிவிடும். மீதி 20இல் பெரும்பகுதி புரதம், கொஞ்சம் தாது உப்பு. ஆகவே புரதக் கணக்குக்கு எந்த மாதத்து மத்தியாக இருந்தாலும் 19 என்று போடலாம். கொழுப்புக்கு மட்டும் கையில் இருக்கும் மீனைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை, அதை நீங்களே செய்யலாம். மீனை முதுகுப் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். கொழுத்த மத்தி முதுகு அகன்று உருண்டையாக இருக்கும். மெலிந்தது கத்தி மாதிரி தட்டையாக, தலை மட்டும் பெரிதாகத் தெரியும். அப்புறம் வயிற்றைக் கீறுங்கள். குடலைச் சுற்றி வெள்ளையாக, நெய் உறைந்த மாதிரி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் கொழுத்த மீன். அந்த வெள்ளை இல்லாமல், முட்டைப் பை வயிற்றை அடைத்துக்கொண்டிருந்தால் சேமிப்பு அதற்குள் போய்விட்டது என்று பொருள், சதையில் கொழுப்பு குறைவாகத்தான் இருக்கும். வயிறு பெரிதாக இருக்கிறதே, கொழுப்பு மீன்தான் என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில். கடைசியாக ஒரு சோதனை: காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் ஒரு மீனைப் போடுங்கள். கொழுத்தது இரண்டே நிமிஷத்தில் தன் எண்ணெயைத் தானே விட்டுக்கொண்டு பொரியும். மெலிந்தது கல்லில் பிடிக்கும்.

இந்தக் கொழுப்பின் பெரும்பகுதி தோலுக்கு அடியிலும் வயிற்று மடிப்பிலும் இருக்கிறது. தோலை உரித்து, வயிற்று ஓரத்தை வெட்டிப் போட்டுவிட்டால் நீங்கள் சாப்பிடுவது அட்டவணை சொல்லும் மீன் அல்ல. ஒமேகா 3க்காக மத்தி சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொழுப்பில்தான் அதுவும் இருக்கிறது. ஒரு கிராமே கொழுப்புள்ள சூரைச் சதை இந்த விஷயத்தில் மத்திக்கு ஈடு கொடுக்காது.

சூரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலத் துடுப்புச் சூரையில் கொழுப்பு 5 அளவுக்கு வரும், அதன் வயிற்றுச் சதை இன்னும் பல மடங்கு. டப்பாச் சூரை வாங்கினால், தண்ணீரில் அடைத்தது கொழுப்பில் பச்சை மீனை ஒட்டியே இருக்கும். எண்ணெயில் அடைத்தது வடித்த பிறகும் 100 கிராமுக்கு 8 கிராம் கொழுப்பு காட்டும். அதில் பெரும்பாலும் சூரையின் கொழுப்பு இல்லை, டப்பாவில் ஊற்றிய எண்ணெய்.

இறாலில் 20க்கும் 13.6க்கும் இடையே இருக்கும் வித்தியாசம் தண்ணீர். உறைய வைத்து விற்கும் இறாலைச் சில இடங்களில் பாஸ்பேட் கலந்த நீரில் ஊற வைப்பார்கள். பாஸ்பேட் சதையைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும்படி செய்கிறது. எடை கூடுகிறது, புரதம் கூடுவதில்லை. அப்படித் தண்ணீர் ஏறிய இறாலின் எண்தான் 13.6 என்பது என் கணிப்பு. பொட்டல உறையில் பாஸ்பேட் என்றோ E451, E452 என்றோ இருக்கிறதா பாருங்கள். உறை இல்லையென்றால் வாணலியே சொல்லிவிடும். நல்ல இறாலைச் சூடான வாணலியில் போட்டால் கொஞ்சம் நீர் விட்டு, சீக்கிரமே சிவந்து சுருளும். ஊற வைத்தது குளம் மாதிரி நீர் விட்டு, வதங்காமல் அந்த நீரிலேயே வேகும். கடைசியில் போட்டதற்கும் இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. மேலே ஐஸ் பூசியிருந்தால் அது தனிக் கணக்கு. உருக வைத்து வடித்த பிறகுதான் எடை போட வேண்டும்.

சரி, இனி அரைக் கிலோவுக்கு வருவோம். அட்டவணையில் 'உண்ணத்தக்க பகுதி' என்று இருப்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 19, 23, 20 எல்லாம் தலை, குடல், முள், ஓடு போன பிறகு நிற்கும் 100 கிராமுக்கு. முழு மத்தி 500 கிராம் என்றால் சாப்பிடும் சதை சுமார் 300 கிராம். அதில் புரதம் 57 கிராம். கொழுப்பு, மெலிந்த மீனாக இருந்தால் 9 கிராம், 12 சதவீதம் கொழுப்புள்ள மீனாக இருந்தால் 36 கிராம். இடையில் இருக்கும் 27 கிராம் ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், 240 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. தலையோடு இருக்கும் இறால் 500 கிராமில் தலையும் ஓடும் போனால் பாதிகூடத் தேறாது. 240 கிராம் சதை என்று வையுங்கள், புரதம் 48. சூரையைத் துண்டமாக வாங்கியிருந்தால் தோலும் நடுமுள்ளும் மட்டும்தான் கழியும். 430 கிராம் சதை, 99 கிராம் புரதம். சதைக்குச் சதை மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும், வாங்கும் எடைக்குப் பார்த்தால் சூரை இறாலைப் போல இரண்டு மடங்கு கொடுப்பது இதனால்தான்.

கழிவின் அளவு மீனின் பருமனையும் வெட்டும் கையையும் பொறுத்து மாறும். பொடி மத்தியை முள்ளோடு மென்று சாப்பிடுகிறவருக்குக் கழிவு குறைவு. ஆகவே என் எண்ணை அப்படியே எடுக்காமல், ஒரு தடவை உங்கள் வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்: வாங்கிய எடை, சுத்தம் செய்த எடை, சாப்பிட்டு முடித்ததும் தட்டில் ஒதுக்கிய முள்ளின் எடை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் உங்கள் உண்ணத்தக்க பகுதி. மூன்று நான்கு முறை செய்தால் ஒரு விகிதம் பிடிபட்டுவிடும்.

எடை போடுவது பச்சையாக இருக்கும்போதே இருக்கட்டும். 100 கிராம் பச்சைச் சதை வெந்த பின் 80 கிராம் பக்கம் நிற்கும். வெந்ததை நிறுத்துப் பச்சை மீனின் எண்ணால் பெருக்கினால் புரதம் குறைவாக வரும். பச்சையாக நிறுத்து டப்பா மீனின் 24.6ஆல் பெருக்கினால் இல்லாத புரதத்தை உண்டதாக எழுதிக்கொள்வீர்கள். இவ்வளவு நாள் உங்களுக்கு நடந்தது இரண்டாவது என்று நினைக்கிறேன்.

உங்கள் 40 கிராமுக்கு: மத்தி என்றால் சதை 210 கிராம், முழு மீனாக 350 கிராம் வாங்குங்கள். சூரை என்றால் சதை 175, துண்டமாக 200 கிராம். இறால் என்றால் உரித்தது 200, தலையோடு 420 கிராம். வாணலியில் குளம் கட்டும் இறாலாக இருந்தால் உரித்ததே கிட்டத்தட்ட 300 கிராம் வேண்டும்.