குறிப்புகளை வாக்கியமாக்கும்போது நுழையும் ‘ஆல்’

கேள்வி: ஸ்லைடில் உள்ள துண்டுக் குறிப்புகளைப் பேச்சாக மாற்றும்போது, அதில் இல்லாததைச் சேர்க்காமல் இருப்பது எப்படி?

இணைப்புச் சொற்களில்தான் பிழை நுழைகிறது. ஸ்லைடில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

புதிய படிவம் – மார்ச் முதல்
புகார்கள்: பிப்ரவரி 40, ஏப்ரல் 25

“புதிய படிவத்தால் புகார்கள் வெகுவாகக் குறைந்தன” என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். அந்த ‘ஆல்’ ஒரு காரணத்தைக் கூறுகிறது. ‘வெகுவாக’ ஒரு மதிப்பீடு. இரண்டும் ஸ்லைடில் இல்லை. எண்களோ காணாமல் போயின!

“மார்ச் முதல் புதிய படிவம் நடைமுறையில் இருக்கிறது. பிப்ரவரியில் 40 புகார்கள் வந்தன, ஏப்ரலில் 25” என்பதே நேர்மையான வடிவம். ‘இருக்கிறது’ என்பதுகூட என் ஊகம்தான். படிவம் இன்னும் தொடர்கிறதா என்று எழுதியவரிடம் கேட்டுவிடுவேன்.

பேசும் வாக்கியத்தை மீண்டும் குறிப்பாகச் சுருக்கிப் பாருங்கள். ஸ்லைடில் இல்லாத சொல் மிஞ்சினால், அது நீங்கள் சேர்த்தது.