மீதி 72,400 ரூபாயா?

வணக்கம் ஐயா. எங்கள் தெரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாக் கமிட்டிக்கு இந்த வருடம் நான்தான் பொருளாளர். வரும் ஞாயிறு பொதுக்கூட்டம். போன வருட இருப்பு 38,400, வசூல் 4,86,000, செலவு 4,52,000, மீதி 72,400 என்று பவர்பாயிண்ட்டில் பதினான்கு ஸ்லைடு தயார் செய்திருக்கிறேன். "இவ்வளவு மீதி இருக்கும்போது அடுத்த வருடம் எதற்கு வசூல்?" என்று வாட்ஸப் குரூப்பில் இப்போதே ஒருவர் கேட்டுவிட்டார். கோப்பை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கே., பெரம்பூர்

அன்புள்ள கே.,

உங்கள் கூட்டல் கழித்தலில் தப்பில்லை. அவர் கேட்டதிலும் தப்பில்லை. 72,400 என்பது கையிலும் பேங்கிலும் கிடக்கிற பணம். அதில் கமிட்டி தன் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவு செய்யக்கூடியது எவ்வளவு என்பது வேறு கணக்கு. அதுதான் பதினான்கு ஸ்லைடிலும் இல்லை.

ஒன்பதாவது ஸ்லைடைப் பாருங்கள். அன்னதானத்துக்கு என்று ரசீதில் எழுதி வாங்கியது 1,20,000. மளிகை, காய்கறி, வாழையிலை, சமையல் கூலி எல்லாம் சேர்ந்து 94,000. மிச்சம் 26,000. இது சோறு போடக் கொடுத்த பணம், கொடுத்தவர்களைக் கேட்காமல் இதில் பந்தல் போட முடியாது. அப்புறம் கடைசி ஸ்லைடின் மூலையில் பொடி எழுத்தில் 'சீரியல் லைட் பாக்கி 18,000' என்று இருக்கிறது. இரண்டையும் கழியுங்கள். 28,400தான் நிற்கிறது.

ஆனால் 38,400 வைத்துக்கொண்டுதானே வருடத்தை ஆரம்பித்தீர்கள்? அதில் பத்தாயிரம் குறைந்திருக்கிறது. அந்தப் பத்தில் ஐயாயிரம் அடுத்த வருட நாதஸ்வரத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ். இந்த வருடச் செலவே இல்லை, தெரியாமல் மேளச் செலவோடு சேர்ந்துவிட்டது. அதைத் தனியாக 'முன்பணம்' என்று எழுதுங்கள். மற்ற ஐயாயிரம் நிஜமான பற்றாக்குறை. பந்தல், மேளம், பூ அலங்காரம், லைட் ஆகியவற்றுக்கு இந்த வருடப் பொது வசூல் போதவில்லை. குரூப்பில் கேட்டவருக்கு இதுதான் பதில்.

நான் எங்கள் தெருவில் பொருளாளராக இருந்தபோது இதே தப்பைச் செய்தேன். பெரிய மீதியைத் திரையில் காட்டினேன். உடனே ஒருவர் எழுந்து புது மைக் செட் வாங்கலாம் என்றார், எல்லோரும் கைதட்டினார்கள். வாங்கியும் விட்டோம். அடுத்த ஆடியில், "நான் அன்னதானத்துக்குக் கொடுத்ததில் மிச்சம் இருக்குமே?" என்று ஒரு அம்மா கேட்டபோது என்னால் மைக் செட்டைத்தான் காட்ட முடிந்தது.

அரிசி விஷயத்துக்கு வருகிறேன். பத்து மூட்டை அரிசியை 15,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டு வரவில் சேர்க்கச் சொல்லி யாரோ வற்புறுத்துவதாகக் குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். வரவில் மட்டும் சேர்த்தால் உங்கள் கையிருப்பில் இல்லாத 15,000 கணக்கில் முளைத்துவிடும். சேர்த்தே ஆகவேண்டும் என்றால் அதே தொகையைச் செலவிலும் எழுதவேண்டும், ஏனென்றால் அரிசி சமைத்துத் தீர்ந்துவிட்டது. என்னைக் கேட்டால் ரூபாயே போடாதீர்கள். 'பொருளாக வந்தவை' என்று ஒரு ஸ்லைடில் உபயதாரர் பெயர், பொருள், அளவு மட்டும் போதும். அரிசி கொடுத்தவர் கூட்டத்தில் தேடுவது தன் பெயரைத்தான்.

பாஸ்புக்கில் 76,900 இருப்பது ஏன் என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். பூக்காரருக்குக் கொடுத்த 12,000 செக் இன்னும் பேங்குக்குப் போகவில்லை. அதைக் கழித்தால் 64,900, கையில் ரொக்கம் 7,500, கூட்டினால் உங்கள் 72,400. இந்த நான்கு வரியைத் தனி ஸ்லைடாகப் போட்டு, முதல் ஸ்லைடுக்கு அடுத்தே வையுங்கள்.

வட்டப்படங்கள் நான்கையும் எடுத்துவிடலாம். செலவில் மேளத்துக்கு எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்கப்போவதில்லை, மேளக்காரருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். அந்த இடத்தில் ரசீதுக் கணக்கைப் போடுங்கள்: அடித்த எட்டுப் புத்தகத்தில் மொத்தம் 400 ரசீது, கொடுத்தது 365, ரத்தானது 6, எழுதாமல் திரும்பியது 29. ரத்தான ஆறிலும் அசல் தாள் அடிக்கட்டையோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அசல் இல்லாத ஒன்று இருந்தால் பணம் வாங்கிக்கொண்டு ரத்து என்று எழுதிவிட்டதாகப் பேச்சு வரும், அதற்குப் பிறகு நீங்கள் எந்த ஸ்லைடைக் காட்டினாலும் எடுபடாது.

லைட்காரர் பாக்கியைச் சனிக்கிழமையே கொடுத்துவிட்டாலும் கணக்கைத் திருத்தாதீர்கள். கணக்கு முடித்த தேதியில் அது பாக்கிதான். 'பிறகு கொடுக்கப்பட்டது' என்று பக்கத்தில் எழுதி, அவர் கையெழுத்துப் போட்ட வவுச்சரைக் கையில் எடுத்துப் போங்கள்.