ஒப்பந்தத்தில் எண்ணா, எழுத்தா?

"கிரய ஒப்பந்தத்தில் எதை எண்ணில் எழுதணும், எதை எழுத்தில் எழுதணும்? ஒரு பத்தியில் 5-ஆம் தேதி, அடுத்ததில் ஐந்தாவது தேதி என்று இருந்தால் தப்பா?"

பத்திரம் எழுதும் இடத்தில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் கடைப்பிடிப்பது இதுதான்: பணம், பரப்பளவு, பங்கு மூன்றும் எண்ணிலும் எழுத்திலும் வரும். தேதி, சர்வே எண், ஷரத்து எண் எண்ணில் மட்டும்.

எழுத்தில் எழுதுவதே எண்ணில் வரும் பிழையைப் பிடிக்கத்தான். எண்ணைப் பார்த்து அப்படியே வாசித்து எழுதினால் அந்தப் பயன் போய்விடும். ஒரு முறை நிலம் 2.05 ஏக்கர். எழுத்தில் "இரண்டு புள்ளி ஐந்து ஏக்கர்" என்று அடித்திருந்தார்கள். படிக்கிறவருக்கு அது இரண்டரை ஏக்கர். சென்ட் 20,000 ரூபாய் வீதம் மொத்த விலை 41 லட்சம் என்று இருந்தது. வகுத்துப் பார்த்தேன், 205 சென்ட் வந்தது. எழுத்துப்படி போனால் 250 சென்ட். 45 சென்ட், அதாவது 9 லட்சம் ரூபாய் நிலம், ஒரு பூஜ்யத்தில் தொங்கியது. நல்லவேளை, கையெழுத்துக்கு முன்பே கண்ணில் பட்டது. அதற்கப்புறம் பரப்பளவைப் புள்ளி வைத்து எழுதுவதே இல்லை: "2 ஏக்கர் 5 சென்ட் (இரண்டு ஏக்கர் ஐந்து சென்ட்)".

இரண்டும் முரண்பட்டால் எது செல்லும்? காசோலை, புரோநோட்டுக்கு 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு எழுத்தில் உள்ள தொகையையே எடுக்கச் சொல்கிறது. கிரய ஒப்பந்தம் அந்தச் சட்டத்தில் வராது, ஆனாலும் பொதுவாக எழுத்துக்குத்தான் மதிப்பு. அதனால் எழுத்தில் பிழை வந்தால் ஆபத்து அதிகம். தொகையை ஒரே ஒரு இடத்தில் இரண்டு விதமாகவும் எழுதிவிட்டு, பிறகு "மேற்படி கிரயத் தொகை" என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப எழுதினால் ஏதோ ஒரு இடத்தில் மாறிவிடும்.

"ஆம்", "ஆவது" இரண்டும் கலந்து வந்தால் பத்திரம் செல்லாமல் போகாது. நான் எல்லா இடத்திலும் "5-ஆம்" என்றே வைப்பேன், இல்லையென்றால் வேறு ஏதோ சொல்ல வருகிறோமோ என்று எதிர்த்தரப்பு கேட்கும். நிஜமான சிக்கல் "மூன்றாவது மாதத்துக்குள் கிரயம் முடிக்க வேண்டும்" போன்ற வரிதான். ஜனவரி 10-இல் போட்ட ஒப்பந்தத்துக்கு அது மார்ச் மாதமா, ஏப்ரல் 9 வரையா? கடைசித் தேதியையே எழுதிவிடுங்கள்.

பங்கைச் சதவீதமாக்காதீர்கள். அதே 205 சென்ட்டை மூன்று பேருக்கு ஆளுக்கு 33% என்று எழுதினால் 2.05 சென்ட், கிட்டத்தட்ட 893 சதுர அடி, யாருக்கும் சேராமல் நிற்கும். "3-இல் 1 பங்கு (மூன்றில் ஒரு பங்கு)" என்று எழுதினால் மிச்சம் விழாது. சொத்து விவரத்திலும் அதே சொற்கள்தான் வர வேண்டும்.