உணர்ச்சி உண்டு, யார் மீதும் இல்லை: இது குறைபாடா?

"வயது 29. உடம்பில் உணர்ச்சி எப்போதாவது வரும், ஆனால் இதுவரை யாரைப் பார்த்தும் வந்ததில்லை. நண்பன் பிரம்மச்சாரி என்று கிண்டலடிக்கிறான். ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணுமா?"

நண்பர் சொல்வது பொருந்தாது. பிரம்மச்சரியம் ஒருவர் எடுக்கும் முடிவு. ஆசை இருந்தும் விலகி நிற்பது. நீங்கள் எதையும் அடக்கவில்லையே.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி, உணர்ச்சி வருகிறது, ஆனால் யார் மீதும் இல்லை என்பதுதான். பசி வேறு, குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிடத் தோன்றுவது வேறு, இல்லையா? ஆசைக் குறைவில் பசியே மங்கிவிடும். ஏசெக்சுவல் என்பவருக்குப் பசி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மனிதர்கள் மீது காம ஈர்ப்பு எழாது, அல்லது மிக அரிதாகவே எழும். காதல் வருவதற்கு இது தடையில்லை. சிலர் தங்கள் துணைவருக்காக உடலுறவிலும் ஈடுபடுவதுண்டு.

டெஸ்ட் பற்றி: முன்பு ஈர்ப்பு இருந்து, கடந்த சில மாதங்களில் குறைந்திருந்தால் டாக்டரைப் பாருங்கள் என்பேன். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், மனச்சோர்வு மாத்திரை என்று காரணங்கள் உண்டு. உங்களுக்கோ விடலைப் பருவத்திலிருந்தே இப்படித்தான். 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்-5, வாழ்நாள் முழுக்க ஆசை இல்லாதவர் தன்னை ஏசெக்சுவல் என்று உணர்ந்தால் அதைக் கோளாறாகக் கணக்கிடக் கூடாது என்கிறது.

அந்தப் பெயர் உங்களுக்குப் பொருந்துமா என்பதை எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.