190 லிட்டரா, 240 லிட்டரா? ஃப்ரீசரைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் நான்கு பேர். 190 லிட்டர் சிங்கிள் டோர் போதுமா, 240 லிட்டர் டபுள் டோர் எடுக்கணுமா? வாரம் ஒருமுறை மாவு அரைப்போம், அசைவம் ஞாயிறு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வாங்கும் மீனும் கறியும் அன்றைக்கே தீர்ந்துவிடும் என்றால் 240 டபுள் டோர் உங்களுக்கு வேண்டாம். 215 லிட்டரை ஒட்டிய ஒரு சிங்கிள் டோர் எடுங்கள். மீதியை ஃப்ரீசரில் வைத்து வாரக்கணக்கில் எடுத்துச் சமைக்கும் வீடு என்றால், 260 லிட்டருக்குக் குறையாத டபுள் டோர். நீங்கள் கேட்ட 190, 240 இரண்டையும் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

கடையில் சொல்லும் லிட்டர் கணக்கு ஃப்ரீசரையும் சேர்த்தது. 190 லிட்டர் சிங்கிள் டோரில் ஃப்ரீசர் என்பது உள்ளேயே மேலே இருக்கும் சின்னப் பெட்டி, ஏறக்குறைய 15 லிட்டர். பால், மாவு, காய்கறிக்கு 175 லிட்டர் கிடைக்கும். 240 டபுள் டோரில் மேல் கதவுக்குள் 50 லிட்டருக்கு மேல் போய்விடும். கீழே மிஞ்சுவது 185 முதல் 190. ஆக, 50 லிட்டர் அதிகம் என்று காசு கொடுத்து வாங்குகிற பெட்டியில், நீங்கள் தினமும் திறக்கும் பகுதியில் கூடுவது 10, 15 லிட்டர்தான். 215 சிங்கிள் டோரிலேயே அதே அளவோ கொஞ்சம் கூடுதலோ கிடைக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் ஃப்ரீசர் எத்தனை லிட்டர், மீதி எத்தனை லிட்டர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

நம்மூர் ஃப்ரிட்ஜில் இடத்தைத் தின்பது மாவுப் பாத்திரம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் மூன்றரை லிட்டர் அளவுக்கு மாவு வரும். பொங்க இடம் விட வேண்டும் என்பதால் 6 லிட்டர் பாத்திரத்தில் கரைத்து, அதையே அப்படியே உள்ளே தள்ளுவோம். மூடியோடு அது 20 செ.மீ. உயரம் வந்துவிட்டால் பல மாடல்களில் ஒரு கண்ணாடித் தட்டைக் கழற்றாமல் வைக்க முடியாது. 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழமுள்ள தட்டில் 20 செ.மீ. உயரத்தை அது பிடித்துக்கொண்டால் 27 லிட்டர் இடம் போய்விட்டது. உள்ளே இருப்பதோ 4 லிட்டர் மாவு! வட்டப் பாத்திரத்தைச் சுற்றி மிஞ்சும் மூலைகளில் எலுமிச்சம்பழம்தான் வைக்கலாம். மாவு வெளியிலேயே புளித்து முடிந்ததும் ஒருமுறை கலக்கிவிட்டு, 3 லிட்டர் சதுர டப்பா இரண்டில் மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி வையுங்கள். குளிரிலும் கொஞ்சம் பொங்கும், அதனால் விளிம்பு வரை ஊற்ற வேண்டாம். கடைக்குப் போகும்போது அடிக்கடி உள்ளே வைக்கும் பாத்திரத்தின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு டேப்பும் எடுத்துப் போங்கள்.

மற்ற வீடுகளுக்குச் சுருக்கமாக: ஒருவர், இருவர் என்றால் 180 முதல் 190 சிங்கிள் டோர் தாராளம். ஐந்து பேர், அதில் பெரியவர்களுக்குத் தனிச் சாப்பாடு, குழந்தைக்குத் தனிப் பால் என்றால் 280 முதல் 300 டபுள் டோர். ஆறு பேருக்கு மேல் 320க்குக் கீழே பார்க்காதீர்கள். மேல் ஃப்ரீசரையே சாதாரண ஃப்ரிட்ஜாக மாற்றிக்கொள்ளும் கன்வெர்ட்டிபிள் மாடல், பண்டிகை நேரத்தில் மட்டும் இடம் பத்தாத சைவ வீட்டுக்கு உண்மையிலேயே உதவும்.

இனி கதவு விஷயம். இதில் கதவு ஒன்றா இரண்டா என்பதைவிட, குளிர் எப்படி வருகிறது என்பதுதான் வித்தியாசம். சிங்கிள் டோரில் ஃப்ரீசர் பெட்டியின் சுவரே குளிரும், அந்தக் குளிர் தானாகக் கீழே இறங்கும். விசிறி இல்லை. அதனால் கரண்ட் குறைவு, கீரை சீக்கிரம் வதங்காது, ரிப்பேருக்கு வரும் பாகங்களும் குறைவு. தொல்லை, பனிக்கட்டி. அரை செ.மீ. தடிமன் வந்ததும் டிஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். உருகி முடிந்ததும் பட்டன் தானே வெளியே வந்து மெஷின் ஓடும். பனி ஏறிக்கொண்டே போனால் குளிர் கீழே இறங்காது, மெஷின் நிற்காமல் ஓடும். கத்தியால் குத்திப் பெயர்ப்பது மட்டும் கூடவே கூடாது. அந்தச் சுவருக்குள்தான் கேஸ் ஓடும் மெல்லிய குழாய் இருக்கிறது, ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் அந்த ஃப்ரீசர் பெட்டியே போச்சு. இன்னொன்று, இதில் ஐஸ்கிரீம் கல் மாதிரி இறுகாது, மீனை வாரக்கணக்கில் வைக்கவும் இது ஏற்றதல்ல.

டபுள் டோரில் குளிர் தரும் காயில் என்கிற குழாய்ச்சுருள் ஃப்ரீசரின் பின்பலகைக்குள் ஒளிந்திருக்கும். விசிறி குளிர்காற்றைத் துவாரங்கள் வழியாகக் கீழே தள்ளும். காயிலில் பிடிக்கும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிடும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரிக்குப் போகும், மீனுக்கு அதுதான் வேண்டும். ஆனால் ஓடுகிற காற்று ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கறிவேப்பிலையைத் திறந்து போட்டால் இரண்டு நாளில் சருகு. மாவு டப்பாவைப் பின் துவாரத்தை அடைத்தபடி வைத்தால் மேலே ஐஸ் நன்றாக இருக்கும், கீழே பால் திரிந்துவிடும்.

துவாரம் அடைபடாமலேயே அப்படி ஆகிறதா? கேஸ் போய்விட்டது என்று யாராவது சொல்லிப் பணம் கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் ஒரு முழு நாள் திறந்து வையுங்கள். திரும்பப் போட்டதும் சில நாள் அருமையாகக் குளிர்ந்து, மறுபடி அதே கதை என்றால் கேஸ் போகவில்லை. பெரும்பாலும் ஹீட்டரோ அதன் சென்சாரோ ஃப்யூஸோ போய், காயில் பனியால் மூடிக்கொள்கிறது. மாற்றினால் தீர்ந்தது. ஒரு நாள் காய்ந்த பிறகும் குளிரே ஏறவில்லை என்றால்தான் கேஸையோ கம்ப்ரஸரையோ சந்தேகிக்க வேண்டும்.

கரண்ட் பில்லுக்கு நட்சத்திரத்தை மட்டும் பார்க்காதீர்கள். சிங்கிள் டோருக்கும் டபுள் டோருக்கும் நட்சத்திர அளவுகோலே வேறு; 3 ஸ்டார் சிங்கிளும் 3 ஸ்டார் டபுளும் ஒன்றல்ல. அதே லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும், அதை ஒப்பிடுங்கள். வித்தியாசம் 60 யூனிட் என்றால் இரண்டு மாத பில்லில் 10 யூனிட், அவ்வளவுதான். அதற்காக மட்டும் டபுள் டோரை ஒதுக்க வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் பின்னால் கம்ப்ரஸர் பக்கம் உருகிய தண்ணீர் சேரும் தட்டு ஒன்று இருக்கும். டெங்கு கொசு முட்டையிட அது வசதியான இடம், வாரம் ஒருமுறை கவிழ்த்துத் துடையுங்கள். கழற்ற முடியாத தட்டு என்றால் ஒரு பழைய துணியால் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, முட்டை ஒட்டியிருக்கும் ஓரங்களையும் அழுத்தித் தேயுங்கள். அங்கே கை போகும் அளவுக்குச் சுவரிலிருந்து இடம் விட்டு ஃப்ரிட்ஜை நிறுத்துங்கள். கம்ப்ரஸர் சூடு வெளியேறவும் அந்த இடைவெளி வேண்டும்.