மிச்சமான பணமும் நடக்காத வகுப்பும்

வணக்கம்.

எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவுக்கான தலைவர் அறிக்கை இது. 60 புதிய உறுப்பினர்கள், செலவைக் கட்டுப்படுத்தியதால் உபரி, வரும் ஆண்டுக்கு ஆறு திட்டங்கள் என்று எழுதியிருக்கிறேன். பயிற்சி வகுப்புகள் பாதியில் நின்றதை ஒரே வரியில் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த செயலாளர், 'வாழ்த்துமடல் மாதிரி இருக்கிறது' என்கிறார். எங்கே திருத்துவது?
கே.

அன்புள்ள கே.,

உங்கள் அறிக்கையோடு இணைத்திருந்த வரவு செலவுக் கணக்கையும் படித்தேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது. உபரித் தொகையும், நடக்காத ஐந்து வகுப்புகளுக்குக் கொடுக்காமல் மிஞ்சிய பயிற்சியாளர் ஊதியமும் ஏறக்குறைய ஒன்று. அதாவது நீங்கள் சிக்கனம் செய்யவில்லை, வேலை நடக்கவில்லை. கணக்கைப் புரட்டிப் பார்க்கும் ஒரு உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டால், அறிக்கையின் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நீங்கள் எழுதிய வரி: 'எதிர்பாராத காரணங்களால் சில வகுப்புகளை நடத்த இயலவில்லை, மாற்று ஏற்பாடுகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன.' யார் மேற்கொள்கிறார்கள்? செயப்பாட்டு வினை புகுந்த இடத்தில் பொறுப்பாளர் நழுவிவிடுகிறார். நீங்கள் கடிதத்தில் விவரித்ததை வைத்து நான் இப்படி மாற்றுவேன்:

'சென்ற பொதுக்குழுவில் மாதம் ஒன்றாக 12 வகுப்புகள் என்று சொன்னோம். 7 நடந்தன. ஏழாம் மாதத்தோடு பயிற்சியாளர் விலகினார். வேறொருவரைத் தேடும் பொறுப்பைச் செயற்குழு யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அது எங்கள் தவறு. இந்த ஆண்டு உபரியில் பெரும்பகுதி அப்படி மிஞ்சிய ஊதியம்தான். அதைப் புதிய பயிற்சியாளருக்குச் செலவிட இன்று உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம். பொறுப்பு துணைத்தலைவருக்கு. ஆறு மாதத்தில் எத்தனை வகுப்பு நடந்தது என்று எல்லா உறுப்பினர்களுக்கும் எழுதுவோம்.'

விலகிய பயிற்சியாளரின் பெயர் இதில் வேண்டாம். அவர் போனது குறையல்ல, ஐந்து மாதம் காலியாக விட்டதுதான் குறை.

60 புதியவர்கள் சேர்ந்தது நல்ல செய்திதான், ஆனால் சந்தாவைப் புதுப்பிக்காமல் போன 45 பேரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் 240, முடிவில் 255 என்றால் யாருக்கும் விளங்கும். அந்த 45 பேரில் வகுப்பு நின்றதால் போனவர்கள் எத்தனை பேர் என்று கூட்டத்துக்கு முன்னால் பத்துப் பேரிடமாவது தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பதில் கசப்பாக இருந்தால் அதுவும் அறிக்கையில் வரட்டும்.

ஆறு திட்டங்களில் நான்குக்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பைசாகூட ஒதுக்கவில்லை. அவற்றை எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு உங்களுக்கு எதிராகப் படித்துக்காட்டப் போவது அந்தப் பக்கத்தைத்தான்.

நன்றி உரையை மட்டும் நான் தொடவில்லை. கொஞ்சம் நீளம், ஆனால் உங்கள் குரல் அங்கேதான் கேட்கிறது.