ஜாக்கி பம்பு அடிக்கடி ஓடுதா? ஆஃப் பண்ணாதீங்க, தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க

கேள்வி: சார், காட்பாடியில அஞ்சு மாடி அபார்ட்மென்ட், நான்தான் செக்ரட்டரி. ஃபயர் பம்பு ரூம்ல ஜாக்கி பம்பு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா ஓடி நிக்குது. சத்தம் தாங்கலைன்னு வாட்ச்மேன் மூணு பம்பையும் மேனுவல்ல போட்டுட்டாரு. அப்படியே விடலாமா? வாரா வாரம் எப்படி ஓட்டிப் பாக்கணும்?

பதில்: விடக்கூடாது சார், முதல்ல மூணையும் ஆட்டோவுக்கு மாத்துங்க. மேனுவல்ல கிடந்தா நாலாவது மாடியில ஹைட்ரன்ட் வால்வைத் திறந்ததும் பைப்புல இருக்கற பிரஷர் சில செகண்டுல போயிடும், அப்புறம் யாராவது கீழ ஓடிப்போய் பட்டனை அமுக்கற வரைக்கும் ஓஸை கையில புடிச்சிட்டு நிக்க வேண்டியதுதான்.

மூணும் ஒரே பைப்போட பிரஷரைப் பாத்துதான் ஓடுது. உதாரணத்துக்கு லைன்ல 7 கிலோன்னு வெச்சுக்குங்க, 6-க்கு இறங்கினா ஜாக்கி ஓடி ஏத்திவிட்டு தானா நிக்கும், 5-க்கு வந்தா மெயின் மோட்டார், அதுவும் ஓடாம 4-க்கு வந்தா டீசல். ஜாக்கி சின்ன பம்பு, லேசா கசியற தண்ணியை ஈடுகட்டத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது எழுந்திருக்குதுன்னா அதுமேல தப்பில்ல, எங்கயோ தண்ணி போயிட்டே இருக்கு.

கண்டுபுடிக்கறது கஷ்டமில்ல. ஒரு ஆளை பம்பு ரூம்லயே நிக்க வெச்சு, மூணையும் கொஞ்ச நேரம் ஆஃப்ல போட்டு, மூணு பம்போட பைப்பும் வந்து சேர்ற ஹெடர் பைப்புல இருக்கற கேஜைப் பாருங்க. 7-லருந்து 6-க்கு வர பத்து நிமிஷம் ஆகுதா, இப்ப ஹெடர்லருந்து கட்டிடத்துக்குப் போற வால்வை மூடிட்டு மறுபடி ஜாக்கியால ஏத்தி நிறுத்துங்க. முள் அசையாம நின்னா லீக் வெளிய இருக்கு: தோட்டத்துல மண்ணுக்குள்ள போற பைப்பு, ஓஸ் ரீல் வால்வு, மொட்டை மாடி ஏர் வால்வு இதெல்லாம் பாருங்க. மாடி டேங்க்லருந்து வர ஃபயர் லைன்ல, தண்ணியைத் திரும்பிப் போக விடாம தடுக்கற என்.ஆர்.வி. வால்வு விட்டுப்போச்சுன்னா கீழேருந்து தள்ளற தண்ணி டேங்க்ல ஏறி வழியும், அதை நிறைய பேர் வீட்டு மோட்டாரை ஆஃப் பண்ண மறந்துட்டாங்கன்னே நினைச்சுக்கறாங்க.

வால்வை மூடியும் முள் இறங்குதா? அப்ப பம்பு ரூமுக்குள்ளயேதான். மெயின் பம்போட டெலிவரி வால்வை மூடுங்க, இறக்கம் நின்னா அதோட என்.ஆர்.வி.தான் குத்தவாளி, நிக்கலைன்னா அதைத் திறந்துட்டு டீசலோடது, அப்புறம் ஜாக்கியோடதுன்னு ஒவ்வொண்ணா. நம்ம பக்கம் போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, அது அந்த வால்வு சீட்ல படிஞ்சாலோ மணல் மாட்டினாலோ முழுசா மூடாது, தண்ணி பம்பு வழியா பின்னாடியே சம்புக்குப் போயிடும், தரையில ஒரு சொட்டு ஈரம் இருக்காது. அதனாலதான் லீக்கே இல்லன்னு பிளம்பர் சொல்லிட்டுப் போறாரு. கழட்டி சுத்தம் பண்ணா பாதி கேஸ்ல சரியாயிடும், இல்லன்னா மாத்துங்க. மூடின வால்வு எல்லாத்தையும் திரும்பத் திறந்தாச்சான்னு நீங்களே கை வெச்சுப் பாருங்க, மெயின் வால்வு மூடியே கிடக்கற பம்பு ரூம் நான் நிறைய பாத்திருக்கேன்.

வாராந்திர டெஸ்ட்ல பட்டனை அமுக்கி ஓட்டறது பாதி டெஸ்ட்தான், ஏன்னா மோட்டார் ஓடும்னு தெரியுமே தவிர பிரஷர் ஸ்விட்ச் வேலை செய்யுதான்னு தெரியாது. ஜாக்கியை ஆஃப்ல வெச்சு டிரெயின் வால்வை லேசா திறங்க, முள் இறங்கி எந்த எண்ல மெயின் ஓடுதுன்னு புக்ல எழுதுங்க. மோட்டார் ஓடியும் பிரஷர் ஏறலைன்னா பம்புல தண்ணி புடிக்கல, உடனே நிறுத்துங்க. மத்தபடி பத்து நிமிஷம் விடுங்க, சம்புக்குத் திரும்பற டெஸ்ட் லைன் கொஞ்சம் திறந்திருக்கணும், இல்லன்னா அதே தண்ணி உள்ளயே சுத்தி பம்பு சூடாயிடும். மெயினை நீங்கதான் நிறுத்தணும், அது தானா நிக்காது, நிக்கவும் கூடாது.

அடுத்து மெயினையும் ஆஃப்ல போட்டு பிரஷரை இன்னும் இறக்கி டீசலை எழுப்புங்க, அரை மணி நேரம் ஓடட்டும், அப்பதான் இன்ஜின் நல்லா சூடாகி கூலிங் தண்ணி சரியா போகுதான்னு தெரியும். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் ரெண்டையும் எழுதுங்க. டீசல் ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல பேட்டரியைப் பாருங்க, சார்ஜர் லைட் எரியுதுன்னு நம்பாதீங்க, மே மாச வெயில்ல அந்த ரூம்ல டிஸ்டில்ட் வாட்டர் சீக்கிரம் வத்திடும். கரண்ட் போனாலோ, ஃபயர் சர்வீஸ் வந்து கட்டிடத்தோட கரண்ட்டை கட் பண்ணும்போது உங்க மெயின் பம்புக்குத் தனி லைன் இல்லாம இருந்தாலோ, அந்த டீசல்தான் கதி.

இன்னொண்ணு, கோடையில லாரி தண்ணி வர லேட்டானா ஃபயர் சம்புல மோட்டார் போட்டு எடுக்கற பழக்கம் இருந்தா டெஸ்ட் அன்னைக்கு சம்பு மூடியைத் திறந்து மட்டத்தையும் பாத்துடுங்க.